பரணில் இருப்பதும் பட்டியலில் வர வேண்டும்

சாமானுக்குச் சேதம் வராது, பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டோம். ஊர் மாறும் குடும்பங்களுக்கு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் விளம்பரங்கள் தரும் வாக்கு இந்த இரண்டுதான். கூடவே பபிள் ரேப் சுற்றிய டிவியும், சீருடை அணிந்தவர்கள் பதமாகத் தூக்கி வரும் பீரோவும் படமாக இருக்கும். இரண்டு வாக்கும் வேறு வேறு விஷயம்போலத் தெரிந்தாலும், இரண்டையும் தாங்கி நிற்பது ஒரே காகிதம்: வீட்டுச் சாமான் பட்டியல். அது சரியாக எழுதப்படாத இடத்தில் நிலையான தொகை என்பது பேச்சோடு போய்விடும்.

வீட்டுச் சாமானுக்கு வாடகை போடுவதில் எடையைவிடக் கொள்ளளவே முக்கியம். லாரியின் உள்ளளவு கன அடியில் கணக்கிடப்படுகிறது. 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் கொண்ட பெட்டி ஏறத்தாழ 500 கன அடி கொள்ளும். 17 அடி வண்டியில் உயரம் 7 அடி என்றால் 700 கன அடிக்குச் சற்று மேல். ஆனால் கட்டிலும் நாற்காலியும் செங்கல்லைப்போல இடைவெளியின்றி அடங்குவதில்லை. நூற்றுக்குப் பதினைந்து பங்கு இடமாவது வீணாகும். ஆக 14 அடி வண்டியில் நடைமுறையில் ஏறுவது 420, 430 கன அடி அளவுக்குத்தான்.

சென்னை மடிப்பாக்கத்தில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டிலிருந்து ஒரு குடும்பம் சுமார் 1,200 கிலோமீட்டர் தள்ளியுள்ள புனேவுக்குப் போவதாக வைத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் கேட்கும்போது கண்முன் இருப்பவையே நினைவுக்கு வரும். பீரோ இரண்டுக்கு 60 கன அடி, கழற்றிய கட்டிலும் இரண்டு மெத்தைகளும் 55, சோபா செட் 106, சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும் 40, ஃபிரிட்ஜ் 22, வாஷிங் மெஷின் 12, டிவி 8, ஒன்றரை அடிச் சதுர அட்டைப்பெட்டிகள் பதினைந்து வந்தால் 51. கூட்டினால் 354. 14 அடி வண்டி தாராளமாகப் போதும் என்று அதற்கேற்ற தொகை சொல்லப்படுகிறது.

ஏற்றும் நாளில் பரண் திறக்கிறது. பித்தளை அண்டா, கொலுப்படி, பழைய பெட்டி, தையல் மெஷின், பால்கனித் தொட்டிகள் என்று 40 கன அடி இறங்கி வருகிறது. பாத்திரமும் புத்தகமும் பதினைந்து பெட்டிகளில் அடங்காமல் முப்பது ஆகின்றன. அதில் 51 கூடுகிறது. கொண்டு போகலாம் என்று கடைசி வாரத்தில் முடிவான பைக், சட்டம் அடித்துக் கட்டினால் 52 பிடிக்கும். மொத்தம் 497. காகிதத்தில் பார்த்தால் 14 அடி வண்டிக்குள் வருவதுபோல இருக்கும், உண்மையில் வராது. 17 அடி வண்டி வேண்டும். வாடகை ஏறுகிறது, வாக்குவாதம் தொடங்குகிறது. இந்த இடத்தில் நிறுவனம் ஏமாற்றியது என்று சொல்வது முழு உண்மையாகாது. பார்க்காமல் சொன்ன தொகை, சொல்லாமல் விட்ட சாமானுக்குப் பொருந்தாது. ஆனால் பார்க்காமலேயே ‘நிலையான தொகை’ என்று எழுதிக் கொடுத்தது நிறுவனத்தின் தவறுதான். வீடு மாற்றுவதைப் பல ஆண்டுகளாகச் செய்பவருக்குப் பரண் என்று ஒன்று இருப்பது தெரியாதா?

ஆகவே நம்பத்தக்க தொகை, ஒருவர் நேரில் வந்தோ வீடியோ அழைப்பில் அறை அறையாகக் காட்டச் சொல்லியோ எடுத்த பட்டியலின் மீது எழுதப்பட்டதாக இருக்கும். பரண், பால்கனி, கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டி, பூஜை அலமாரி, பைக் ஆகிய ஐந்தையும் அவர் கேட்டாரா என்பதே அவர் வேலை தெரிந்தவரா என்பதற்கு அடையாளம். பட்டியலின் கீழே வண்டியின் அளவும், அந்த வண்டி இந்தக் குடும்பத்துக்கு மட்டுமா அல்லது வேறு வீட்டுச் சாமானும் சேர்ந்து வருமா என்பதும் எழுதப்பட வேண்டும். சேர்ந்து வரும் பார்ட் லோடு மலிவு. ஆனால் வழியில் குடோனில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். நாள் கூடும், கை மாறும் ஒவ்வொரு முறையும் கீறல் கூடும்.

தொகை வளரும் இன்னொரு இடம் போய்ச் சேரும் ஊர். மூன்று மாடி இறக்குவதைப் பேசியவர்கள், அங்கே எத்தனை மாடி ஏற்றுவது என்பதைப் பேசியிருக்க மாட்டார்கள். பெரிய லாரி பகலில் நகருக்குள் வரத் தடை இருந்தாலோ, குடியிருப்பின் வாசல் வளைவில் நுழையாவிட்டாலோ, சிறு வண்டிக்கு மாற்ற வேண்டும். மகாராஷ்டிரத்தில் மாத்தாடி எனப்படும் சுமைத் தொழிலாளர் விஷயமும் உண்டு. அவர்களுக்கென 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சில இடங்களில் உள்ளூர்ச் சுமைத் தொழிலாளர் தாங்களே இறக்குவோம் என்று நிற்பார்கள். அந்தக் கூலி யார் பொறுப்பு என்று முன்பே எழுதாவிட்டால், நடுத்தெருவில் நின்ற லாரிக்குப் பக்கத்தில் குடும்பம்தான் பணம் எடுக்கும்.

பில்லில் வரும் சில தலைப்புகளை மட்டும் தயங்காமல் அடித்துவிடலாம். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் கட்டாயமில்லை. எல்லையில் நுழைவு வரி, ஆக்ட்ராய் என்பவை ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையோடு போய்விட்டன. ஜிஎஸ்டி உண்டு, பேக்கிங்கும் போக்குவரத்தும் சேர்ந்த பில்லில் பெரும்பாலும் 18 விழுக்காடு போடுவார்கள். சொன்ன தொகை அதையும் சேர்த்தா, தனியா என்பது முதல் நாளே தெரிய வேண்டும். அளவுக்கு மீறிக் குறைந்த தொகை சொல்லி, சாமான் ஏறிய பிறகு இறக்க மறுத்து இரட்டிப்பாகக் கேட்கும் கும்பல்களும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. முழுப் பணத்தையும் ஏற்றும்போதே கொடுத்துவிடாமல், கணிசமான பகுதியை இறக்கிய பிறகு என்று எழுதி வைப்பதே அதற்குக் கிடைக்கும் சிறு காப்பு.

அடுத்தது பத்திரம். பபிள் ரேப் எத்தனை சுற்று என்பதைவிட, பெட்டிக்குள் பொருள் ஆடுகிறதா என்பதே கேள்வி. கொலுப் பொம்மை இதற்கு நல்ல சோதனை. மண் பொம்மை பெரும்பாலும் உடைவது கழுத்திலும் நீட்டிய கையிலும். இறுக்கிச் சுற்றினால் அங்கேயே அழுத்தம் விழும். மெல்லிய காகிதத்தை முதலில் இடுக்குகளில் அடைத்து, அதன்மேல் தளர்வாகச் சுற்றி, தடித்த அட்டைப்பெட்டியில் நிறுத்தி, எல்லாப் பக்கமும் காகித உருண்டை திணிக்க வேண்டும். மூடியபின் மெதுவாக அசைத்தால் சத்தம் வரக்கூடாது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் விளிம்பில் நிறுத்துவதும், புத்தகங்களைச் சிறு பெட்டியில் மட்டும் போடுவதும் இதே கணக்கில் வரும். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் போட்டால் அடி கிழியும், இல்லையென்றால் தூக்குபவர் அதைப் போடுவார்.

இயந்திரங்களில் சேதம் வெளியே தெரியாது. ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி கரைந்து காய்ந்தபின் நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போகும். அப்படி நடந்துவிட்டால் நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் கழித்தே போட வேண்டும். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினின் டிரம்மைப் பயணத்தில் ஆடாமல் பிடிக்க, பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் உண்டு. மெஷின் வாங்கிய அன்று கழற்றிய அந்தப் போல்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் குறைவு. அவை இல்லாமல் 1,200 கிலோமீட்டர் போனால், இடித்த தடம் எதுவும் இல்லாமலே உள்ளே அதிர்வுதாங்கி போய்விடும். ஊர் போய் முதல் துணி போட்ட அன்றுதான் மெஷின் குதிக்கும். சமையல் கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றவே கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்க வேண்டும். பைக்கில் பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

எவ்வளவு பதமாகக் கட்டினாலும் சில உடையும். அதற்கு யார் பணம் தருவார் என்பதைச் சட்டம் கொஞ்சம் சொல்கிறது. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011இல் வந்த அதன் விதிகளும், அதிக மதிப்பை அறிவித்துத் தனிக் கட்டணம் கட்டியிருந்தால் ஒழிய, வண்டிக்காரரின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கின்றன: வாடகையைப்போலப் பத்து மடங்கு, அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல். புனே போகும் குடும்பம் 30,000 ரூபாய் வாடகை கட்டினால் வரம்பு மூன்று லட்சம். ஆனால் இன்சூரன்ஸ் பிரீமியம் குறையட்டும் என்று மொத்தச் சாமானின் மதிப்பை 50,000 என்று எழுதியிருந்தால் வரம்பும் அந்த 50,000தான். டிவியும் ஃபிரிட்ஜும் போனாலே அது தீர்ந்துவிடும். பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே நியாயமான மதிப்பு எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இன்சூரன்ஸிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குறைந்த பிரீமியத்தில் கிடைக்கும் பாலிசி தீ, மோதல், வண்டி கவிழ்தல்போன்ற பெயர் சொன்ன விபத்துகளுக்கு மட்டுமே பொருந்தும். லாரி பத்திரமாக வந்து, உள்ளே கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் அதில் ஒன்றும் வராது. எல்லா வகைச் சேதத்துக்குமான பாலிசி தனி. பில்லில் இன்சூரன்ஸ் என்று தொகை போட்டுவிட்டுப் பாலிசியே எடுக்காத நிறுவனங்களும் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் பாலிசி எண்ணும் உள்ள சான்றிதழ் கைக்கு வந்தால்தான் பணம் கட்டியதற்குப் பொருள். வீட்டார் தாமே கட்டிய பெட்டிகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்பதும் அரிது.

இறக்கும் நாளில் எல்லாரும் களைத்திருப்பார்கள். ஓட்டுநர் கையெழுத்துக்கு அவசரப்படுத்துவார். பெட்டி எண்களைப் பட்டியலோடு சரிபார்த்து, நசுங்கியது, நனைந்தது, குறைவது எல்லாவற்றையும் ரசீதின் இரு பிரதிகளிலும் எழுதிய பிறகே கையெழுத்திட வேண்டும். வெறும் கையெழுத்து இருந்தால், எல்லாம் நல்லபடியாக வந்தது என்றே அது பின்னால் படிக்கப்படும். வழக்குப் போடுவதானால், அதற்கு முன், புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. புனேயில் குடியேறியவர் இதற்காகச் சென்னைக்குத் திரும்பி அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் இப்போது வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே அவர் புகார் கொடுக்கலாம்.