ராத்திரியில் ஃபிரிட்ஜ் எவ்வளவு நேரம் ஓடுகிறது?



பிரம்மதேசம், திண்டிவனம் பக்கம் சித்திரை வெயில் ஏறும்போது கரண்ட் பில்லும் கூடவே ஏறும். ரீடிங் எடுப்பதோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதனால் ஃபிரிட்ஜ் கெட ஆரம்பித்திருந்தாலும் அந்தச் செலவு வெயில் கணக்கில் மறைந்துபோகிறது. பால் திரிந்த பிறகுதான் மெக்கானிக்கைத் தேடுகிறோம். பல நேரங்களில் அதற்கு முன்பே, ஃபிரிட்ஜ் இழுக்கும் கரண்டில் கோளாறு தெரிய ஆரம்பித்திருக்கும்.

மின்சார அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக்கைச் சுவரில் செருகி அதில் ஃபிரிட்ஜை மாட்டினால், எத்தனை வாட் இழுக்கிறது என்பது செல்போனில் பதிவாகிக்கொண்டே இருக்கும். பலரும் அன்றைய யூனிட்டை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அது போதாது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

பழைய மாடல் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்ப்ரசர் ஓடும்போது 100 வாட், நிற்கும்போது பூஜ்யம். ஓடுவதும் நிற்பதுமாக நாளுக்கு 11 மணி நேரம் ஓடினால் 1.1 யூனிட். மே மாதத்தில் அது சுமார் 1.36 யூனிட்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு இரண்டு விதமாக வரலாம். 105 வாட்டில் 13 மணி நேரம் ஓடினாலும் 1.36தான், 85 வாட்டில் 16 மணி நேரம் ஓடினாலும் 1.36தான். முதலாவது வெயிலின் வேலை. சமையலறை சூடாக இருந்தால் வெப்பத்தை வெளியே தள்ளக் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும், வாட்டும் நேரமும் சேர்ந்தே ஏறும். இரண்டாவதில் வாட் இறங்கி நேரம் ஏறுகிறது. பெரும்பாலும் உள்ளே கேஸ் குறைந்திருக்கிறது, கம்ப்ரசருக்கு அழுத்த வேண்டிய சுமை குறைவு, குளிரும் குறைவு, அதனால்தான் நிற்காமல் ஓடுகிறது. யூனிட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

வாட் மாறாமல் நேரம் மட்டும் கூடினால், முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிமானம் இருக்க வேண்டும். பின்பக்கக் கம்பிவலையில் தூசி அடைந்திருந்தாலும் நேரம் கூடும், ஆனால் அப்போது வாட்டும் சற்று ஏறும். சில விநாடி மட்டும் பல நூறு வாட் எகிறி அடங்கி, சில நிமிடம் கழித்து மறுபடி எகிறினால் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது என்று அர்த்தம். ரிலே போயிருக்கலாம். ஆனால் சாயங்கால லோ வோல்டேஜிலும் இதே கோலம் வரும், ஆகவே பிளக் காட்டும் வோல்ட்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒப்பிட ஏற்றது ராத்திரி 1 மணி முதல் 5 மணி வரை. அப்போது கதவை யாரும் திறப்பதில்லை. கரண்ட் கட் ஆன நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், கரண்ட் வந்ததும் விட்டதைப் பிடிக்க வெகுநேரம் ஓடும். இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அது வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும் ரகம்.

கேஸ் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அது மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, ஓட்டை இல்லாமல் குறையாது. ஃப்ரீசரில் ஐஸை எடுக்கக் கத்தியால் குத்தும்போது அந்த மெல்லிய அலுமினியக் குழாய் பொத்துக்கொள்வது உண்டு. ஆகவே கேஸ் நிரப்ப வருகிறவரிடம் லீக் எங்கே என்று முதலில் கேளுங்கள். அதை அடைக்காமல் நிரப்பினால் அந்தப் பணம் காற்றோடு போய்விடும்.

போர் மோட்டாருக்கும் இதே இரண்டு எண்கள்தான். மாடித் தொட்டி நிறைய 30 நிமிடம் ஆன இடத்தில் 40 நிமிடம் ஆகி வாட்டும் இறங்கினால், பெரும்பாலும் நீர்மட்டம் கீழே போயிருக்கும், அல்லது இம்பெல்லர் தேய்ந்திருக்கும். எது என்பதை நம் ஊர் மழையே பிரித்துக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போரில் தண்ணீர் ஏறியும் நிமிடம் குறையவில்லை என்றால் மோட்டாரைத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே வாட் திடீரென்று சரிந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது, உடனே நிறுத்துங்கள். வாட் ஏறிக்கொண்டே போனால் மணல் புகுந்திருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம்.

இலவச மின்சார இணைப்புள்ள வயல் மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. அவற்றுக்கு ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் ஆம்பியர் முள்தான் சாட்சி. மோட்டார் ஓடி ஐந்து நிமிடம் கழித்து ஆம்பியரையும் பக்கத்து வோல்ட்டையும் பெட்டிக் கதவின் உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். திண்டிவனம் வட்டார வாசகர்கள் யாரேனும் ஒரு பருவம் முழுக்க எழுதி அனுப்பினால், கார்த்திகை மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களை அடுத்தடுத்து வைத்து இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்