சேர்ந்த பிறகு கேட்டுக்கலாமாம்!

"வேலை கிடைக்கறதே பெருசு. இதுல பரீட்சைக்கு லீவு குடுப்பீங்களான்னு வேற கேப்பியா? பேசாம சேரு, அப்புறம் பாத்துக்கலாம்."

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் பசங்க தங்கியிருக்கற எந்த ரூமுக்குப் போனாலும் இதைச் சொல்ல ஒரு அண்ணன் இருப்பார். செம்பரம்பாக்கத்துல எங்க ரூம்லயும் இருக்கார். தங்கமான மனுஷன், ஆனா இந்த விஷயத்துல அவர் சொல்றது சுத்தத் தப்பு. வெறுமனே திட்டாம கணக்கோட சொல்றேன்.

எங்க ரூம்மேட் ஒருத்தன். கிண்டியில பகுதிநேர எம்.இ., சாயங்கால வகுப்பு, 6 மணிலேர்ந்து 9 மணி வரை. ஒரகடத்துல ஒரு ஃபேக்டரியில (பேர் வேண்டாம்) வேலை கிடைச்சுது. இன்டர்வியூல "மேல படிக்கலாமா சார்?"னு கேட்டான். "தாராளமா! படிக்கறவங்களை நாங்க என்கரேஜ் பண்றோம்"னாங்க. பய குஷியா சேர்ந்துட்டான்.

அங்க மூணு ஷிப்ட், வாராவாரம் மாறும். ஏ காலைல 6 - 2, பி மதியம் 2 - ராத்திரி 10, சி ராத்திரி 10 - காலைல 6. பி ஷிப்ட் வாரத்துல வகுப்புக்குப் போகவே முடியாது. 15 வார செமஸ்டர்ல 5 வாரம் அப்படியே போச்சு. வாரம் 5 வகுப்புன்னா மொத்தம் 75, மிச்சம் 50. ஒருநாள் கூட காய்ச்சல் வராம ஓடினாலும் 66.7 சதவீதம்தான். அண்ணா பல்கலைக்கழகத்துல பரீட்சை எழுத 75 சதவீதம் வருகை வேணும். 65க்கு மேல இருந்தா மெடிக்கல் மாதிரியான காரணத்துக்கு விலக்கு கேக்கலாம். "எனக்கு பி ஷிப்ட்"ங்கறது அந்தக் காரணத்துல சேராது. இன்னும் 2 வகுப்பு போனா 64க்கு இறங்கி அந்தக் கதவும் மூடிடும். சி ஷிப்ட் வாரத்துல கிண்டியிலேர்ந்து நாப்பது கிலோமீட்டர் போய் 10 மணிக்கு உள்ள நிக்கணும்கறதை நான் கணக்குலயே சேக்கல.

ஆக, பரீட்சைக்கு லீவு கிடைக்குமாங்கற கேள்விக்கே அவன் வந்து சேரல. ஷிப்ட் அட்டவணையே அவனை ஹாலுக்கு வெளிய நிறுத்திடுச்சு. "என்கரேஜ் பண்றோம்"னு சொன்னவர் ஹெச்.ஆர்., ஷிப்ட் போடறவர் லைன் சூப்பர்வைசர். ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒருநாளும் பேசிக்கிட்டது இல்ல.

"சட்டம் இருக்குல்ல"ம்பீங்க. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்துல 240 நாள் வேலை பாத்தா, 20 நாளுக்கு 1 நாள் சம்பளத்தோட லீவு. 2025 நவம்பர் 21 அன்னிக்கு அமலுக்கு வந்த புதுத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆக்கியிருக்கு, 20க்கு 1 அப்படியே. ரெண்டுலயும் பரீட்சை லீவுன்னு தனியா ஒண்ணு கிடையாது. ஆகஸ்ட்ல சேர்ந்தவன் நவம்பர் கடைசிக்குள்ள 100 நாள் வேலை பாத்திருந்தா, இந்த விகிதப்படி அவன் கணக்குல சேர்றது 5 நாள். அதையும் ப்ரொபேஷன்ல கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சி எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும்.

சரி, எப்ப கேக்கறது? முதல் ரவுண்டுலயே கேக்காதீங்க, அதுல அண்ணனோட நான் ஒத்துப்போறேன். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, ஓகேன்னு மெயில் போடறதுக்கு முன்னாடி இருக்கற அந்த ரெண்டு மூணு நாள்தான் நேரம். அவங்க ஆளை முடிவு பண்ணிட்டாங்க, நீங்க இன்னும் கையெழுத்துப் போடல. இந்தப் பலம் சேர்ந்த மறுநாளே போயிடும்.

என்ன கேக்கறது? "மேல படிக்கலாமா"ன்னு இல்ல. அதுக்கு யாரும் "கூடாது"ன்னு சொல்ல மாட்டாங்க. வகுப்பு நாள், நேரம் எல்லாம் எழுதிட்டு இப்படிக் கேளுங்க: "பி ஷிப்ட் வாரங்கள்ல எனக்கு வேற ஷிப்ட் தர முடியுமா? அதை முடிவு பண்றது யார்? பரீட்சை நாளுக்கு சம்பளத்தோட லீவா, சம்பளம் பிடிப்பீங்களா? ப்ரொபேஷன்லயும் இது உண்டா?" பிட்ஸ் பிலானியோட வேலை பாத்துக்கிட்டே படிக்கற திட்டம் மாதிரி கம்பெனி சம்மதக் கடிதம் கேக்கற படிப்புன்னா, "கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? பதிலுக்கு பாண்ட் உண்டா?"ன்னும் சேத்துக்கோங்க. பதில் மெயில்ல வரணும். ஃபோன்ல சொன்னா, "நீங்க சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்"னு நீங்களே ஒரு மெயில் தட்டி விடுங்க.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. ஒருத்தன் பி ஷிப்டே பாக்கலைன்னா அதை இன்னொருத்தன் பாக்கணும், அவனுக்கும் குடும்பம் இருக்கு. "முடியாது"ங்கறதும் நேர்மையான பதில்தான். அந்தப் பதில் செமஸ்டர் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி வரணும்கறதுதான் என் சண்டையே.

"கேட்டதாலயே ஆஃபரைத் திருப்பி வாங்கிட்டா?" அண்ணனோட கடைசி அஸ்திரம் இது. வாங்கலாம். வேற வேலையே கையில இல்ல, வீட்டுல கடன்னா, படிப்பை ஒரு வருஷம் தள்ளி வெச்சுட்டு சேருங்க. அது நீங்க தெரிஞ்சு எடுத்த முடிவு. ஆனா இந்த நாலு வரி மெயிலுக்கே ஆஃபரை வாங்கிக்கற இடம், டிசம்பர்ல ஹால் டிக்கெட்டோட போய் நின்னா மட்டும் லீவு குடுத்துடுமாக்கும்?