கேரியர் சாப்பாடு: லீவு நாளுக்குக் காசைக் கழிப்பது எப்படி?

வீட்டிலேயே சமைத்து மாசச் சாப்பாடு கொடுக்கும் பெண்களுக்கு வரும் தகராறு பெரும்பாலும் ருசியால் வருவதில்லை. "நாலு நாள் ஊருக்குப் போயிட்டேனே, அதைக் கழிச்சீங்களாக்கா?" என்ற இடத்தில்தான் அது ஆரம்பிக்கிறது. முதல் நாளே பேசி வைக்காததால், இரண்டு பேரிடமும் ஒரு நியாயம் இருக்கும்.

முதலில் 'ஒரு மாதம்' என்ற சொல்லை விடுங்கள். மாதம் 30 நாளா, 31 நாளா, ஞாயிறு சேருமா என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். '26 சாப்பாடு' என்று விற்றால் அந்தக் கேள்விகள் எழாது. சாப்பாடு 80 ரூபாய் என்றால் 26-க்கு 2,080 ரூபாய். கொடுத்த நாளில் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். சிவகாசிக்காரர்களுக்குக் காலண்டருக்கா பஞ்சம்!

அடுத்தது நிறுத்தம். முந்தின இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொன்னால் அந்தச் சாப்பாடு கணக்கில் வராது, கடைசியில் சேர்ந்துகொள்ளும். காலையில் சொன்னால் அன்றைய சாப்பாடு எடுத்ததாகவே கணக்கு. இது கறார் இல்லை. காலை ஏழு மணிக்கு அரிசி உலையில் இருக்கும், காய் நறுக்கியாகிவிடும். ஒருவர் காலையில் 'இன்றிலிருந்து நாலு நாள் வேண்டாம்' என்றால் முதல் நாள் போச்சு, மூன்று நாள் மிச்சம். மிச்சம் வைத்த சாப்பாட்டை அடுத்த மாதத்துக்குள் வாங்கிவிட வேண்டும் என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதக் கணக்கு உங்கள் தலையில் நிற்கும்.

சமைப்பவர் எடுக்கும் லீவு வேறு. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்கு அடுப்பு எரியாது என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். காய்ச்சலில் படுத்து, சொல்லாமல் நின்றுபோன நாளும் வாடிக்கையாளர் தலையில் விழக்கூடாது.

நடுவில் ஒருவர் விலகினால்? உதிரிச் சாப்பாடு 90 ரூபாய், மொத்தமாகக் கட்டியதால்தான் 80. ஒன்பது சாப்பாடு வாங்கியவர் தானாக விலகினால், அந்த ஒன்பதுக்கும் உதிரி விலையில் 810 ரூபாய் கழித்து, 1,270 ரூபாய் திருப்பிக் கொடுக்கலாம். 80 ரூபாய் வீதம் கழித்தால் 1,360 வரும். இந்த 90 ரூபாய் வித்தியாசத்தைப் பணம் வாங்கும்போதே சொல்லியிருந்தால்தான் கழிக்கலாம், பிறகு சொன்னால் சண்டைதான். சாப்பாடு கெட்டுப்போய் வந்தது என்று விலகுபவரிடம் இந்தக் கழிவு கூடவே கூடாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் தர மறுப்பது முறையற்ற வணிகம். நீங்களே 'மூன்று நாளில்' என்று எழுதிவிடுங்கள்.

பட்டாசு ஆலை ஆட்களுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தீபாவளி முடிந்ததும் ஆலைகளுக்கு விடுமுறை வருவது தெரிந்ததுதான், அதை முன்கூட்டியே கணக்குப் போடலாம். ஆனால் 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததைத் தொடர்ந்து, அந்தத் தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இப்படி நின்றால் 'கடைசியில் சேர்த்துக்கலாம்' என்ற பேச்சே எடுபடாது, பணத்தைத்தான் கொடுக்க வேண்டும். பதினைந்து பேர் மாசக்காசு கட்டி, பாதியில் நின்றால் ஆளுக்கு 13 சாப்பாடு, 1,040 ரூபாய், மொத்தம் 15,600. அந்தப் பணம் அதற்குள் அரிசி மூட்டையாகவும் கேஸ் சிலிண்டராகவும் மாறியிருக்கும்.

அதனால் வாரக்கூலிக்காரர்களிடம் மாச அட்வான்ஸ் வாங்காதீர்கள். கூலி கைக்கு வரும் அன்றே அடுத்த வாரத்து ஆறு சாப்பாட்டுக்கு, 85 ரூபாய் வீதம் 510 வாங்குங்கள். புதன் இரவு ஆலை மூடினாலும் ஆளுக்கு மூன்று சாப்பாடு, 255 ரூபாய். பதினைந்து பேருக்கும் 3,825-தான். இங்கே உதிரி விலைக் கழிவு வேண்டாம், அவர்கள் விருப்பப்பட்டு நிற்கவில்லையே. அச்சகத்து ஆட்களுக்குத் தீபாவளிக்குப் பிறகுதான் காலண்டர் வேலை மும்முரம். இரண்டு தரப்பையும் வைத்திருந்தால் அடுப்பு முழுதாக அணையாது.

இத்தனையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அடங்கும்:

"26 சாப்பாடு 2,080 ரூபாய், முன்பணம். வேண்டாம் என்றால் முந்தின இரவு 8 மணிக்குள் சொல்லவும். மிச்சச் சாப்பாடு அடுத்த மாதம் முடியும் வரை. நீங்களாக விலகினால், வாங்கியதற்கு 90 ரூபாய் வீதம் கழித்து, வேலை இடம் மூடினால் 80 வீதம் கழித்து, மூன்று நாளில் மீதி வரும். எங்கள் லீவுக்குக் காசு இல்லை."

பணம் வாங்குவதற்கு முன் இதை அனுப்பி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.