‘ஒரு சதவீதம்தானே’ என்பது தவறான கணக்கு

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைப்பவர்களிடம் வங்கி பிடிக்கும் அபராதம் நியாயமானதே என்று ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் வாதிட்டிருக்கிறார். பிடிப்பது ஒரே ஒரு சதவீதம், வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுத்தான் பணம் கட்டினார், அபராதம் இல்லையென்றால் வங்கி தன் கடன்களுக்குப் பணம் திரட்ட முடியாது என்கிறார். போதாக்குறைக்கு, வடசென்னை உழைப்பாளிகளுக்குச் சேமிப்பில் கட்டுப்பாடு கிடையாது, சின்னத் தேவை வந்தாலும் எஃப்.டி.யை உடைக்க ஓடி வருகிறார்கள் என்றும் ஓர் உபதேசம். முப்பது ஆண்டுகள் கவுன்டருக்கு உள்ளே இருந்தவர் வெளியே நிற்பவரின் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது.

அந்தக் கணக்கை நான் போடுகிறேன். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவர், எண்ணூர் நெடுஞ்சாலையில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் 4 லட்சத்தை 2024 அக்டோபரில் மூன்று ஆண்டு வைப்பில் போட்டார். வட்டி 7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 7,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் வரும்படி ஏற்பாடு. ஒன்பதாம் மாதம் மனைவிக்கு அறுவை சிகிச்சை. தேவைப்பட்டது ஒன்றரை லட்சம். கவுன்டரில் முழு வைப்பையும் மூடினார்கள். கையில் வந்தது 3,94,000. “வட்டி குறையும்னு தெரியும் சார், போட்ட காசே குறையுமா?” என்று அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

குறையும். எப்படியென்று மேலாளர் விளக்கியிருக்க வேண்டும். உடைத்தால் முதலில் 7 சதவீதம் போய்விடும். பணம் வங்கியில் எத்தனை நாள் இருந்ததோ அந்தக் காலத்துக்கு, வைப்புப் போட்ட அன்று இருந்த வட்டிதான் கணக்கு. இவர் விஷயத்தில் ஒன்பது மாதத்துக்கு 6 சதவீதம். அபராதமான 1 சதவீதத்தை இந்த 6-இல்தான் கழிப்பார்கள். மிஞ்சுவது 5. ஒன்பது மாதத்துக்கு 15,000 ரூபாய். ஆனால் மூன்று தவணையாக 21,000 ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கூடுதலாகப் போன 6,000-ஐ அசலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

மேலாளரின் ‘ஒரு சதவீதம்’ இதில் 3,000 ரூபாய்தான். மீதி 3,000-ஐப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கிடைக்கவேண்டிய வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பறிபோயிருக்கிறது. இதை ஒரு சதவீதம் என்று சொல்வது, வட்டிக் கணக்குத் தெரிந்த ஒருவர் தெரியாதவர்களிடம் செய்யக்கூடாத காரியம்.

முதல் வெட்டை நான் எதிர்க்கவில்லை. மூன்று ஆண்டு என்று சொல்லி ஒன்பது மாதம் வைத்தவருக்கு ஒன்பது மாத வட்டி கொடுப்பது சரிதான். வங்கிக்கு வரும் சிரமத்துக்கான ஈடும் அதிலேயே அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஏன் இன்னொரு சதவீதம்? வட்டி ஏறும்போது பழைய வைப்பை உடைத்து வாடிக்கையாளர் புதிய வட்டிக்கு மாறிவிடுவார், அதைத் தடுக்கத்தான் என்கிறார். 2022, 2023 போல ரெப்போ விகிதம் ஏறிய காலத்துக்கு அந்த வாதம் பொருந்தும். 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.50-இலிருந்து 5.50-க்கு இறக்கியது. வைப்பு வட்டிகளும் இறங்கின. அந்த நேரத்தில் 7 சதவீத வைப்பை ஒருவர் உடைத்தால் வங்கிக்கு என்ன நஷ்டம்? இன்னும் இரண்டேகால் ஆண்டு 7 சதவீதம் கொடுக்கவேண்டிய கடமை தீர்ந்தது. அதே தொகையைக் குறைந்த வட்டிக்கு வெளியே திரட்டிக்கொள்ளலாம். லாபம் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் அபராதமும் வாங்குவதற்கு மேலாளரின் வாதத்தில் காரணமே இல்லை.

கையெழுத்து என்கிறார். அபராத விகிதத்தை வைப்புப் போடும்போதே தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தப் பெரியவரின் ரசீதைப் பார்த்தேன். அசல், வட்டி விகிதம், முதிர்வுத் தேதி எல்லாம் பெரிய எழுத்தில். உடைத்தால் ‘வங்கியின் கொள்கைப்படி’ என்று அடியில் ஒரே வரி. 6 சதவீதமும் இல்லை, 1 சதவீதமும் இல்லை, கொடுத்த வட்டி அசலில் கழியும் என்பதும் இல்லை. இல்லாத எண்ணுக்கு ஒருவர் எப்படிச் சம்மதம் தந்திருக்க முடியும்?

அபராதம் எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை. அந்தந்த வங்கியின் நிர்வாகக் குழுவிடம் விட்டிருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி 5 லட்சம் வரையிலான வைப்புக்கு அரை சதவீதமும் அதற்கு மேல் ஒரு சதவீதமும் என்று வைத்திருக்கிறது. ஆக, குறைக்க முடியும், தள்ளுபடி செய்யவும் முடியும். வைப்பாளர் இறந்துபோய், அதற்கான ஏற்பாடு வைப்பில் இருந்து, வாரிசுகள் இடையில் மூடினால் அபராதம் கூடாது என்று 2005-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதனால் வங்கி எதுவும் கவிழ்ந்துவிடவில்லை. செத்தால் தள்ளுபடி, பிழைக்கவைக்கப் பணம் எடுத்தால் அபராதம் என்ற ஏற்பாட்டைத்தான் மேலாளர் நியாயம் என்கிறார்.

கடன் வாங்கியவர் பக்கம் பாருங்கள். மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர் முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் கூடாது என்று 2012-லேயே உத்தரவு வந்தது. தவணை தவறியவரிடம் வாங்கும் தண்டத்தொகை வங்கி வருமானம் பெருக்கும் வழியாக இருக்கக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எழுதியது. கடனாளிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, வங்கிக்கே பணம் கொடுத்தவருக்கு ஏன் கூடாது என்பதற்கு அவரிடம் ஒரு வரியும் இல்லை.

கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்ற ஏச்சுக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கொசஸ்தலையாற்றில் புகுந்து, எண்ணூர்க் குப்பங்களில் வலையும் படகும் கறுத்துப்போயின. அந்த மாதமே உர ஆலையின் அமோனியாக் கசிவால் நள்ளிரவில் சனம் தெருவுக்கு ஓடிவந்தது. இந்த ஊரில் சேமிப்பு உடைவதற்குக் காரணம் ஊதாரித்தனம் என்று எழுதக் கை எப்படி வந்தது?

உண்மையில் கட்டுப்பாடு தவறியது கவுன்டருக்கு உள்ளே. பெரியவருக்கு வேண்டியது ஒன்றரை லட்சம். அதே வைப்பின் பேரில் கடன் கொடுத்திருக்கலாம். வைப்பில் சுமார் 90 சதவீதம் வரை வழக்கமாகக் கிடைக்கும், வட்டி பல வங்கிகளில் வைப்பு வட்டியைவிட ஒரு சதவீதம்தான் கூடுதல். வைப்பு தன் பாட்டுக்கு 7 சதவீதம் சம்பாதித்துக்கொண்டிருக்கும். ஆறு மாதத்தில் அடைத்தால் நிகரச் செலவு 750 ரூபாய். அடைக்கவே முடியாமல் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு முதிர்வு வரை இழுத்தாலும் 3,375. உடைத்ததில் போனதோ 6,000. சுமார் 2.67 லட்சத்துக்கு மேல் தேவைப்பட்டு, முதிர்வு வரை திருப்ப வழியும் இல்லையென்றால்தான் உடைப்பது லாபம். வைப்புப் போடும்போதே 4 லட்சத்தை நான்கு ரசீதாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் இரண்டை மட்டும் உடைத்து 3,000-த்தோடு தப்பித்திருப்பார். இரண்டு யோசனையையும் யாரும் சொல்லவில்லை. ‘மூடணுமா, இங்க கையெழுத்துப் போடுங்க’ என்றார்கள்.

மேலாளர் பதில் எழுதுவதாக இருந்தால் இரண்டு விஷயத்துக்கு எழுதட்டும். உடைப்பதற்கு முன்னால் பொருந்தும் வட்டி, அபராதம், கொடுத்த வட்டி, அசலில் கழியும் தொகை, கடனாக எடுத்தால் ஆகும் செலவு ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வங்கிக்கு என்ன தடை? 5 லட்சத்துக்குக் கீழுள்ள வைப்பை மருத்துவச் செலவுக்கோ வெள்ளத்திலோ உடைப்பவரிடம் அந்த இரண்டாவது வெட்டை விட்டுக்கொடுத்தால் எந்த வங்கிக்கு எவ்வளவு குறையும்? எண்ணோடு சொல்லட்டும்.