ஒரே கடைக்காரர் என்றால் குற்றவாளியா? நெய்வேலி நிலக்கரியும் ஒரு தேர்வுக் கேள்வியும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினால் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், அப்புறம் நெய்வேலி. இந்த வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி மொத்தமாக வேண்டும் என்றால் போய்க் கேட்க ஒரே இடம்தான், என்.எல்.சி. அதனால்தானோ என்னவோ, போட்டிச் சட்டத்தில் வரும் ஒரு வகைக் கேள்வியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

சட்டக் கல்லூரி செமஸ்டரிலும் கம்பெனி செக்ரட்டரி தேர்விலும் ஒரு சின்னக் கதையைச் சொல்லி 'இது சட்டமீறலா?' என்று கேட்பார்கள். அந்த மாதிரி ஒரு கற்பனைக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். குள்ளஞ்சாவடி பக்கம் 'அ' என்று ஒரு சுரங்க நிறுவனம். சுற்றுவட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி விற்பது அது மட்டும்தான். பக்கத்தில் 'ஆ' என்று ஒரு தனியார் மின் நிலையம். "சந்தையில் 100 சதவீதம் 'அ' கையில் இருக்கிறது, அதனால் இது சட்டவிரோதம்" என்று 'ஆ' புகார் கொடுக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் என்ன செய்யும்?

'நடவடிக்கை எடுக்கும்' என்று எழுதத்தான் கை போகும். நூறு சதவீதம் என்ற எண் அப்படி இழுக்கும். ஆனால் சரியான பதில், ஆணையம் இந்தப் புகாரை இப்படியே வைத்து ஒன்றும் செய்யாது என்பதுதான்.

ஏன்? 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம், நான்காவது பிரிவில், ஆதிக்க நிலையில் இருப்பதைத் தடை செய்யவே இல்லை. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் தடை செய்கிறது. போட்டியாளர்களைப் பற்றிக் கவலைப்படாமல் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளவோ, வாடிக்கையாளரையும் சந்தையையும் தனக்குச் சாதகமாக வளைக்கவோ முடிகிற பலம்தான் 'ஆதிக்க நிலை'. இத்தனை சதவீதம் இருந்தால் ஆதிக்கம் என்று சட்டத்தில் ஒரு கோடு கிழிக்கப்படவில்லை. பலம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்தப் பலத்தை வைத்து என்ன செய்தாய் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் மார்க் போய்விடும்.

இது வெறும் பரீட்சைச் சமாச்சாரம் இல்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி நிறுவனம் பத்து வருஷம் வழக்காடியது.

கோல் இந்தியா வாங்கிய அடி

1973-ல் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டன, 1975-ல் கோல் இந்தியா உருவானது. அதன் ஏகபோகம் சந்தையில் யாரையும் தோற்கடித்து வந்ததில்லை, சட்டமே தூக்கிக் கொடுத்தது. அப்படிப்பட்ட நிறுவனத்தின் மீது மகாராஷ்டிர, குஜராத் அரசு மின் உற்பத்தி நிறுவனங்கள் போட்டி ஆணையத்துக்குப் போயின. அரசு நிறுவனம் மீது அரசு நிறுவனங்களே கொடுத்த புகார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

'நீ ஏன் பெரிய ஆள்?' என்பது அவர்கள் குறை இல்லை. எரிபொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் இருந்த ஷரத்துகள்தான் குறை. முக்கியமாக, நிலக்கரியின் மாதிரியை எங்கே, யார் எடுத்துச் சோதிப்பது என்பது.

நிலக்கரியின் விலை எடையை மட்டும் வைத்து வருவதில்லை, தரத்தையும் வைத்து வருகிறது. இப்போதைய முறையில் வெப்ப அளவை வைத்து 17 தரங்கள் உண்டு, தரம் இறங்க இறங்க விலையும் இறங்கும். சரக்கு ஏற்றும் சுரங்கத்தில் ஒரு தரம் என்று குறிக்கப்பட்டு, பல நூறு கிலோமீட்டர் தள்ளி மின் நிலையத்தில் இறங்கும்போது ஒரு படி குறைந்த தரம் என்று தெரிந்தால்? ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு ரயிலில் 4,000 டன், இரண்டு தரங்களுக்கும் இடையில் டன்னுக்கு 100 ரூபாய் வித்தியாசம். ஒரு ரயிலுக்கே நான்கு லட்சம். மின் நிலையத்துக்கு ரயில் வந்துகொண்டே இருக்கும். கூடவே நிலக்கரியோடு பெரிய பெரிய கற்களும் வந்தன என்பது இன்னொரு புகார்.

சாதாரணச் சந்தையில் இப்படி நடந்தால் வாங்குகிறவர் வேறு கடைக்குப் போய்விடுவார். இங்கே வேறு கடை இல்லை. இறக்குமதி நிலக்கரிக்கு விலையும் வேறு, அதற்கேற்ற பாய்லரும் வேண்டும். எனவே கோல் இந்தியா எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. போட்டி ஆணையம் பிடித்தது இந்த இடத்தைத்தான். விற்பவர் ஒருதலைப்பட்சமாக எழுதிய, போட்டி இருந்தால் எந்த வாங்குபவரும் ஒப்புக்கொள்ளாத நிபந்தனைகள் என்று சொல்லி, 2013 டிசம்பரில் 1,773.05 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016-ல், விசாரணை நடைமுறை சரியில்லை என்று அந்த உத்தரவை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. ஆணையம் மறுபடி விசாரித்து, 2017 மார்ச்சில் மீண்டும் 'தவறான பயன்பாடுதான்' என்றது. இந்த முறை அபராதம் 591.01 கோடி. நடுவில் கோல் இந்தியா ஒப்பந்தத்தில் செய்திருந்த சில திருத்தங்களையும் ஆணையம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

கோல் இந்தியா உச்ச நீதிமன்றத்தில் வைத்த வாதம் சுவாரஸ்யமானது. 'எங்கள் ஏகபோகத்தைக் கொடுத்ததே நாடாளுமன்றம். பொது நன்மைக்காக நடக்கிற நிறுவனத்துக்குப் போட்டிச் சட்டம் எப்படிப் பொருந்தும்?' கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இது முதல் கேள்விக்கான பதில், இரண்டாவது கேள்விக்கு இல்லை. பலம் சட்டப்படி வந்தது என்பதால், அதை வைத்துச் செய்கிற எல்லாமே சட்டப்படி ஆகிவிடுமா? ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். 2023 ஜூன் 15 அன்று நீதிபதிகள் கே.எம்.ஜோசப், பி.வி.நாகரத்னா, அசானுதீன் அமானுல்லா அமர்வு, கோல் இந்தியாவும் போட்டிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் 19(4) பிரிவிலேயே, சட்டத்தால் கிடைத்த ஏகபோகம், அரசு நிறுவனமாக இருப்பதால் வரும் ஆதிக்கம் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. சமூகக் கடமையும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆக, அரசு நிறுவனம் தன் சுமைகளை எடுத்துச் சொல்லலாம், ஆனால் வாசலிலேயே நின்று 'உள்ளே வராதே' என்று சொல்ல முடியாது. ஒரு விஷயம், ஷரத்துகள் நியாயமானவையா, அபராதம் சரியா என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மருந்துக் குப்பிகளுக்கான கண்ணாடிக் குழாய் தயாரிக்கும் ஷாட் கிளாஸ் நிறுவனம், அதிகமாக வாங்குபவருக்கு அதிகத் தள்ளுபடி கொடுத்தது. 2012-ல் ஆணையம் அதைத் தவறு என்று அபராதம் போட்டது. தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ஷாட் பக்கம் நின்றது. அதே அளவு வாங்கும் எல்லாருக்கும் அதே தள்ளுபடி என்றால் அது பாரபட்சம் இல்லை. பெரிய நிறுவனம் செய்தது என்பதாலேயே தவறாகிவிடாது, போட்டிக்கு என்ன பாதிப்பு வந்தது என்று பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இப்போ 'அ'-வுக்கு வருவோம்

முதலில் எந்தச் சந்தை என்று முடிவு செய்ய வேண்டும். பாதிச் சண்டை இங்கேதான் நடக்கும். 'அ'-வின் வக்கீல், "சந்தை என்றால் எல்லா எரிபொருளும். சிங்கரேணி நிலக்கரி இருக்கிறது, இறக்குமதி இருக்கிறது, அதில் நாங்கள் சின்னப் பங்கு" என்பார். ஆனால் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரப்பதம். தூரமாகக் கொண்டுபோனால் தண்ணீருக்கும் சேர்த்து வண்டிக்கூலி கொடுக்கிற கதை, குவித்து வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும். அதற்கென்று கட்டிய பாய்லரில் கருப்பு நிலக்கரியை அப்படியே போட்டு ஓட்டவும் முடியாது. அதனால்தான் மின் நிலையங்கள் சுரங்கத்தின் வாசலிலேயே நிற்கின்றன. என்.எல்.சி. எடுப்பதில் பெரும்பகுதி அதன் சொந்த மின் நிலையங்களுக்கே போகிறது. 'ஆ' மாதிரி வெளி வாங்குபவருக்கு, சந்தை என்பது இந்த வட்டாரத்துப் பழுப்பு நிலக்கரி மட்டும்தான். ஆதிக்கம் உறுதி.

அடுத்து, நடத்தை. 'அ' விலையை ஏற்றுகிறது என்று வையுங்கள். காரணம், சுரங்கம் ஆழமாகிறது, ஒரு டன் எடுக்க அகற்ற வேண்டிய மேல்மண் கூடுகிறது, அடியிலிருக்கும் நீரழுத்தத்தைக் குறைக்க ராப்பகலாக பம்ப் ஓடுகிறது. கணக்கைக் காட்டி அந்தச் செலவுக்கு ஏற்ற அளவில் ஏற்றினால், 'ஆ'-வுக்கு வலிக்கும். ஆனால் அது தவறான பயன்பாடு இல்லை.

இப்போது கதையில் ஒரு வரியை மாற்றுவோம். விலை ஏறவில்லை. ஆனால் ஈரப்பதத்தை 'அ' மட்டுமே அளக்கும், 'ஆ' எதிர்ச்சோதனை கேட்க முடியாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. ரசீதில் ஈரம் 50 சதவீதம், மழைக்காலத்தில் உண்மையில் 54. ஆயிரம் டன்னுக்கு 40 டன் தண்ணீருக்கு 'ஆ' நிலக்கரி விலை கொடுக்கிறது. முதல் கதையைவிட இதில் தொகை குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வாய்ப்புள்ள கதை இதுதான், ஏனென்றால் இன்னொரு விற்பனையாளர் இருந்திருந்தால் 'ஆ' இந்த ஷரத்தில் கையெழுத்தே போட்டிருக்காது. 'நிலக்கரி வேண்டுமா, சாம்பல் அள்ளும் வேலையையும் எங்கள் துணை நிறுவனத்துக்கே கொடு' என்று 'அ' சொன்னால் இன்னும் சுலபம். ஒப்பந்தத்தோடு சம்பந்தமில்லாத கடமையைத் திணிப்பது என்று சட்டமே தனியாக எழுதி வைத்திருக்கிறது.

தேர்வுத்தாளிலும் சரி, செய்தியிலும் சரி, '80 சதவீதச் சந்தை', 'ஏகபோகம்' என்ற வார்த்தைகள் வந்ததும் தீர்ப்பு எழுதத் தோன்றும். உண்மையில் அந்த எண் வாசல் வரைக்கும்தான் கூட்டிப்போகும். அதற்கு அப்புறம் படிக்க வேண்டியது ஒப்பந்தத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும் மாதிரி எடுக்கும் விதி, எடை விதி, தகராறு வந்தால் யார் சொல்வது செல்லும் என்ற வரி. கோல் இந்தியா வழக்கில் பத்து வருஷச் சண்டைக்குக் காரணமாக இருந்தவையும் இந்த மாதிரி வரிகள்தான்.