கரண்டு வண்டி யாருக்குக் கட்டுபடியாகும்? ஒரு பி.காம் கணக்கு

ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. செமஸ்டர் முடிந்த கையோடு எழுதுவதால் கொஞ்சம் கணக்கு வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். :)

கோவையில் இப்போது எந்தச் சிக்னலில் நின்றாலும் சத்தமே இல்லாமல் ஒரு சரக்கு ஆட்டோ பக்கத்தில் வந்து நிற்கிறது. பார்சல் கம்பெனி வண்டி, பால் வண்டி, தண்ணி கேன் வண்டி என்று எல்லாவற்றிலும் கரண்டு வந்துவிட்டது. இதைப் பற்றி இணையத்தில் எழுதுபவர்கள் இரண்டே கட்சிதான். ஒருவர் "கிலோமீட்டருக்கு 50 பைசாதான், டீசல்காரன் எல்லாம் முட்டாள்" என்கிறார். இன்னொருவர் "பேட்டரி போனால் வண்டியே போச்சு" என்கிறார். இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்கள்? என் கருத்தில் மொத்த விஷயமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. சரக்கு ஆட்டோ என்றால் தினமும் ஏறக்குறைய 45 கிலோமீட்டருக்குக் கீழே ஓடுபவருக்கு அது நஷ்டம். 75-க்கு மேலே ஓடுபவருக்கு அது தலைவலி. நடுவில் இருப்பவருக்குத்தான் லாபம், அதுவும் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை.

என் மாமா ஒருவர் சிங்காநல்லூர் பக்கம் தண்ணி கேன் சப்ளை செய்கிறார். "ஏங் கண்ணு, நீ காமர்ஸ்தானே படிக்கிற, கரண்டு வண்டி எடுத்தா கட்டுபடியாகுமா, பார்த்துச் சொல்லு" என்றார். ஷோரூமில் அவரிடம் "ஒரு சார்ஜுக்கு 125 கிலோமீட்டருங்க அண்ணா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

மஹிந்திரா ட்ரியோ ஸோர் வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 2020 அக்டோபரில் வந்தது, ஊரில் நிறையப் பார்க்கலாம். வந்தபோது அதன் பேட்டரி 7.37 யூனிட் கொள்ளளவு (கிலோவாட் ஹவர் என்பதும் நம் கரண்டு பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றேதான்), ஏற்றக்கூடிய எடை 550 கிலோ, சான்றிதழில் இருக்கும் தூரம் 125 கிலோமீட்டர். இந்த 125 பொய் இல்லை. ஆனால் அது சோதனைக் கூடத்தில், உருளை மேல் வண்டியை ஓட்டி, வகுத்து வைத்த வேகத்தில் எடுத்த கணக்கு. அங்கே மேம்பாலம் இல்லை, குழி இல்லை, பத்து வீட்டுக்குப் பத்து தடவை நின்று கிளம்பும் வேலை இல்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடி மாதத்தில் அடிக்கிற காற்றும் இல்லை. பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று எவ்வளவு தின்னும் என்பது பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டியவருக்குத் தெரியும். நிஜத்தில் லோடோடு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது நியாயம். கடைசி ஐந்து கிலோமீட்டரை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. பேட்டரி அடிமட்டத்துக்கு வந்ததும் பல மாடல்களில் வேகம் தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் மேல் எல்லை 75 என்றேன்.

சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால் 7.37 யூனிட் உள்ளே போக மீட்டரில் 8 யூனிட் ஓடும். ஆக, ஒரு யூனிட்டுக்கு 10 கிலோமீட்டர். கணக்குப் போட சுலபமான எண்.

இப்போது தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சங்கதி. நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிப்படியாக ஏறும் கட்டணம். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 35 பைசா, 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகையும் போய், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45. "வீட்டில் 100 யூனிட் ஃப்ரீ, வண்டி சும்மா ஓடும்" என்று சொல்பவர்கள் கவனிக்காதது இதைத்தான். அந்த இலவசத்தை வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே தின்றுவிட்டன. வண்டிக்குக் கிடைப்பது மேல் படியில் இருக்கும் யூனிட்.

மாமா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பில் 705 ரூபாய். தினமும் 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடினால் வண்டி இரண்டு மாதத்தில் 400 யூனிட் குடிக்கும். மொத்தம் 700. பில் 3,825. அதாவது வண்டியால் கூடியது 3,120 ரூபாய், ஓடியது 4,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 78 பைசா. (விளம்பரத்து 50 பைசாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது.) கடை இணைப்பில் போட்டால் பெரும்பகுதி யூனிட் 10 ரூபாயைத் தாண்டும், அப்போது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்.

டீசல் சரக்கு ஆட்டோ நகருக்குள் லோடோடு லிட்டருக்கு 25 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்று எடுத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 72 பைசா. அம்மாடி, கிட்டத்தட்ட மூன்று ரூபாய் மிச்சம்! மாதம் 2,000 கிலோமீட்டருக்கு 5,880 ரூபாய். இங்கேயே கணக்கை நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம்.

நிறுத்தக் கூடாது. முதலில் கடன். மானியத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஃபேம்-2 திட்டம் 2024 மார்ச் 31-ல் முடிந்தது. அடுத்து 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் முதல் ஆண்டு யூனிட் கொள்ளளவுக்கு 5,000 என்றும் இரண்டாம் ஆண்டு அதில் பாதி என்றும்தான் வைத்தார்கள். குறைந்துகொண்டே போகும் காசை நம்பி நான்கு வருடக் கடன் வாங்க வேண்டாம். டீசல் வண்டி 3 லட்சம், கரண்டு வண்டி 3.8 லட்சம் என்று வையுங்கள். வட்டியும் ஒன்றாக இருக்காது. பழைய பேட்டரி வண்டியை ஜப்தி செய்தால் என்ன விலைக்குப் போகும் என்று ஃபைனான்ஸ்காரருக்குத் தெரியாது, அந்தப் பயத்தை வட்டியில் ஏற்றுகிறார். டீசலுக்கு 11 சதவீதம், கரண்டுக்கு 16 சதவீதம், பத்தில் ஒன்பது பங்கு கடன், 48 மாதம் என்று போட்டால் தவணை 6,980-க்குப் பதில் 9,690 வருகிறது. மாதம் 2,700 ரூபாய் அதிகம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது கட்டவேண்டிய காசு. நம் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் நிலையான செலவு, மாறும் செலவு என்று பாடம் எடுத்தார்களே, தூங்காமல் கேட்டவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். :)

அடுத்து பேட்டரி. மாற்ற ஒரு லட்சம் ரூபாய், ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தனியாக எடுத்து வைக்கவேண்டும். டீசலில் எஞ்சின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு உண்டு, கரண்டில் கிடையாது. அதற்கு 50 பைசா திருப்பிக் கொடுக்கலாம். ஆக நிஜமான மிச்சம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 44 பைசா. மாதம் 2,000 கிலோமீட்டருக்கு 4,880. தவணை வித்தியாசத்தைக் கழித்தால் கையில் நிற்பது 2,170 ரூபாய்.

அதே வண்டியைத் தினம் 30 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால்? கரண்டு இன்னும் மலிவு, ஏனென்றால் 500 யூனிட்டைத் தாண்டவே இல்லை, கிலோமீட்டருக்கு 52 பைசாதான். ஆனாலும் மாதம் 750 கிலோமீட்டரில் மிச்சம் 2,025 ரூபாய். தவணையில் கூடுதலாகப் போவது 2,700. மாதம் கிட்டத்தட்ட 700 ரூபாய் நஷ்டம். இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 43 கிலோமீட்டர். உங்கள் டீசல் வண்டி 25-க்குப் பதில் 30 கொடுக்கிறது என்றால் இந்த எல்லை இன்னும் மேலே ஏறும். 80 கிலோமீட்டரில் கூட மாதம் 900 ரூபாய்தான் மிஞ்சும். அதனால் வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு மாதம் டீசல் ரசீதையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஷோரூம்காரர் சொல்லும் எந்த எண்ணையும் விட அந்த நோட்டு உபயோகம்.

மாமாவுக்கு 35 கிலோமீட்டர்தான் வந்தது. தண்ணி கேன் வியாபாரம் அப்படித்தான், எடை அதிகம், தூரம் குறைவு. ஒரு கேன் காலி எடையோடு 21 கிலோ பக்கம், 550 கிலோவுக்கு 26 கேன்தான் ஏறும். அவர் ஏற்றுவது 40. அந்த லோடில் 80 கிலோமீட்டரும் வராது, மோட்டார் கண்ட்ரோலரும் சூடாகும். "அப்ப வேண்டாங்கறயா?" என்றார். "இன்னும் ரெண்டு ஏரியா பிடிச்சு, 50 கிலோமீட்டர் வந்தா எடுங்க மாமா" என்றேன். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. கவுண்டம்பாளையம் எம்.ஜி.ஆர். மார்க்கெட்டிலிருந்து காலையில் காய்கறி எடுத்து, பீளமேடு, சரவணம்பட்டி கடைகளுக்குப் போட்டு, மதியம் வேறு வாடகை பார்க்கும் ஆளுக்கு 60 சர்வசாதாரணமாக வரும். அவர் எடுக்கலாம்.

கோவை–திருப்பூர் போய் வருபவர் இந்த ஆட்டோ பக்கம் வரவே வேண்டாம். போக வர நூறு கிலோமீட்டரைத் தாண்டும். "வழியில் சார்ஜ் போடலாமே" என்பார்கள். ரோட்டோரம் இருக்கும் வேக சார்ஜர்களில் பெரும்பாலானவை கார்களுக்கான துப்பாக்கி. வீட்டு பிளக்கில் நான்கு மணி நேரம் குடிக்கும் ஆட்டோவுக்கு அது பொருந்தாது. அந்தத் தூரத்துக்கு வேன்தான் சரி. டாடா ஏஸ் இ.வி. (2022) 21.3 யூனிட் பேட்டரியோடு வேக சார்ஜும் ஏற்கும். ஆனால் வேனில் விலை வித்தியாசம் பெரியது. 2025 ஜூனில் ஏஸ் ப்ரோ வந்தபோது பெட்ரோல் 3.99 லட்சம், கரண்டு 6.50 லட்சம். ஆட்டோவில் 80 ஆயிரம் வித்தியாசத்துக்கே 43 கிலோமீட்டர் தேவைப்பட்டது, இங்கே இரண்டரை லட்சம் என்றால் தினம் எவ்வளவு ஓடவேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடைசியாக சார்ஜ் போடும் இடம். நான்கு மணி நேரம் விடாமல் 2 கிலோவாட் இழுக்கும். ஏ.சி.க்குப் போடுவது மாதிரி 16 ஆம்பியர் பாயிண்ட், தனி ஒயர், நல்ல எர்த் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு, பிளக் தொட முடியாமல் சுட்டாலோ துளை பழுப்பு நிறமானாலோ அன்றே நிறுத்திவிடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர், வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். அந்த பாயிண்டுக்கு ஒரு சப்-மீட்டர் வைத்தால் இரண்டு வேலை நடக்கும். ஒன்று, வீட்டுக்காரரோடு சண்டை வராது. இன்னொன்று, பேட்டரியின் உடல்நிலை தெரியும். அதே ரூட், அதே லோடு, டயர் காற்றும் சரி, ஆனால் முழுசாகக் காலியான பேட்டரிக்கு முன்பு 8 யூனிட் ஏறியது இப்போது 6.5 யூனிட்டிலேயே நிறைந்துவிடுகிறது, டிஸ்பிளேயில் 30 சதவீதம் காட்டியது திடீரென்று 10-க்குக் குதிக்கிறது என்றால் உள்ளே சில செல்கள் சோர்ந்துவிட்டன. வாரண்டி முடிவதற்குள் அந்த எண்களை எழுதி எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போங்கள்.

உங்கள் வீட்டு டீசல் வண்டி நிஜமாக என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். 25 என்று நான் வைத்தது சரியா என்று பார்க்கலாம்.