போலிக் கடவுச்சீட்டு விண்ணப்பத் தளங்கள் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: மண்டலக் கடவுச்சீட்டு அலுவலர், சென்னை
நகல்: தலைமைக் கடவுச்சீட்டு அலுவலர், வெளியுறவு அமைச்சகம், புது தில்லி
அனுப்புநர்: நுகர்வோர் சங்கத்தின் செயற்குழு

பெருமதிப்பிற்குரிய ஐயா,

கடவுச்சீட்டு விண்ணப்பத்திற்கென வெளியுறவு அமைச்சகம் நடத்தும் தளம் www.passportindia.gov.in என்பது ஒன்றே. அதன் கைபேசிச் செயலியின் பெயர் mPassport Seva. இவற்றைப் போலத் தோற்றமளித்து, கூடுதல் பணமும் தனிப்பட்ட விவரங்களும் பெறும் தளங்களைப் பற்றி அமைச்சகமே எச்சரித்துள்ளது; www.indiapassport.org, www.passport-india.in, www.applypassport.org ஆகியவை அந்த எச்சரிக்கையில் இடம்பெற்றவை. ஆயினும் அவ்வெச்சரிக்கை அதிகாரபூர்வத் தளத்திலேயே வைக்கப்பட்டிருப்பதால், சரியான இடத்திற்கு வந்து சேர்ந்தவர்களே அதைப் படிக்கின்றனர். வழிதவறியவர்களின் கண்ணில் அது படுவதில்லை.

ஏமாற்று நடைபெறும் முறையைச் சற்று விரிவாகக் காண்பது அவசியம். 36 பக்கங்கள் கொண்ட சாதாரணக் கடவுச்சீட்டுக்கு வயதுவந்தோர் செலுத்த வேண்டிய அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். தேடுபொறியில் விளம்பரமாக மேலே வந்த ஒரு தளத்தில் நுழைந்த விண்ணப்பதாரர், பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஆதார் எண் ஆகியவற்றை நிரப்பி, 3,000 ரூபாய் செலுத்துகிறார் எனக் கொள்ளலாம். இதன்பின் இரண்டில் ஒன்று நிகழும். ஒன்று, பணம் பெற்றவர் மறைந்துவிடுவார். மற்றொன்று, அவர் தமது மின்னஞ்சலைக் கொண்டு அதிகாரபூர்வத் தளத்தில் ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, அதே விவரங்களை அங்கே நிரப்பி, 1,500 ரூபாயை அரசுக்குச் செலுத்தி, எஞ்சியதைத் தாம் எடுத்துக்கொண்டு, உண்மையான நேர்காணல் தேதியையே பெற்றுத் தருவார்.

இந்த இரண்டாம் வகையே அதிகக் கவனத்திற்குரியது என்பது இச்சங்கத்தின் கருத்து. கடவுச்சீட்டு கைக்கு வந்துவிடுவதால், கூடுதல் தொகையும் அரசுக் கட்டணமே என்று நம்பும் விண்ணப்பதாரர் புகார் அளிப்பதில்லை. ஆனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இடைத்தரகரிடமே இருப்பதால், நேர்காணல் தேதியை மாற்றவும் அவரையே நாட வேண்டியதாகிறது. ஆதார் எண் முதலிய விவரங்களோ எவருடைய பொறுப்பிலும் இல்லாத ஒரு கணினியில் தங்கிவிடுகின்றன. ஆகவே, தாமே உருவாக்கிய கணக்கில் நுழைந்து பார்க்க முடியாத விண்ணப்பம் எதுவும் ஐயத்திற்குரியது என்பதை மக்கள் அறிய வேண்டும்.

தளத்தை அடையாளம் காணும் வழி அதன் முகவரியிலேயே உள்ளது. முகவரியின் முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்; அது gov.in என முடிந்து, அதற்கு இடப்புறம் passportindia என்றிருந்தால் மட்டுமே தளம் உண்மையானது. gov.in என்னும் களப்பெயர், அதாவது டொமைன், அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது; வெறும் .in முடிவையோ .org முடிவையோ எவரும் விலைக்கு வாங்கலாம். பூட்டுக் குறி இருப்பதைக் கொண்டு தளத்தை நம்பிவிடுவதும் தவறு. தகவல் வழியில் ஒட்டுக்கேட்கப்படாமல் செல்கிறது என்பதையே அக்குறி காட்டுமேயன்றி, அதைப் பெறுபவர் யார் என்பதற்கு அது சான்றாகாது.

எனவே, மேற்கண்ட எச்சரிக்கையும் கட்டணப் பட்டியலும் முகவரியைப் படிக்கும் முறையும் தமிழில் எழுதப்பட்டு, கடவுச்சீட்டுச் சேவை மையங்களிலும் அஞ்சலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் ஒட்டப்பட வேண்டும். பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது. ஒரு தளம் முடக்கப்பட்டதும் வேறு பெயரில் இன்னொன்று தோன்றிவிடும்.

அடுத்து, கட்டணம் செலுத்தப்பட்டவுடன், அரசு பெற்ற தொகை இவ்வளவே எனத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி விண்ணப்பதாரரின் கைபேசிக்குச் செல்ல வேண்டும். இடைத்தரகர் தம் எண்ணையே பதிந்துவிடுவார் என்ற ஐயம் நியாயமானதே. ஆகையால் நேர்காணலின்போது, பதிவான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் விண்ணப்பதாரருடையவைதானா, அவர் மொத்தம் எவ்வளவு செலுத்தினார் என்னும் இரு கேள்விகளை மைய ஊழியர் கேட்டுப் பதிவு செய்தால், புகாராக வெளிவராத ஏமாற்றுகளும் தெரியவரும். உறவினர் உதவியுடன் விண்ணப்பிப்போரும் இ-சேவை மையங்களுக்கு முறையான சேவைக் கட்டணம் செலுத்துவோரும் இதனால் அலைக்கழிக்கப்படலாகாது.

அவ்வாறு தெரியவரும் தளங்களின் மீது, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குரிய தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66டி பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்க, அலுவலகமே காவல்துறைக்கு எழுத வேண்டும். பணம் இழந்தோர் உடனே 1930 என்னும் எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்யலாம் என்பதும் நேர்காணல் சீட்டில் அச்சிடப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளின் மீது எடுக்கப்படும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு சங்கம் பணிவுடன் வேண்டுகிறது.

இப்படிக்கு,
செயலாளர்